லோ கட் என்ற பொத்தான்

பேஸ் பெட்டியைத் திறந்த அந்தக் காலையில் ஷெட்டில் மூன்று பேர் இருந்தோம்: அக்காவைக் கட்டிய மச்சான், வண்டி ஓட்டுவதோடு ஆம்ப்ளிஃபயரையும் பார்த்துக்கொள்கிற டிரைவர் அண்ணன், நான். அக்கா இல்லை. டி. கல்லுப்பட்டியைத் தாண்டி ஒரு ஊரில் செவ்வாய்க்கிழமை தொடங்கும் பொங்கலுக்கு எங்கள் சவுண்ட் சர்வீஸைப் பேசி முடிக்க முதல் பஸ்ஸிலேயே போயிருந்தாள். "எங்க பேஸ் மாதிரி எவன்கிட்டயும் கிடையாதுண்ணே" என்று அவள் அங்கே சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே திருமங்கலத்தில் அந்த பேஸ் செத்துக் கிடந்தது.

கனத்த அடிச்சத்தத்துக்கு எங்களிடம் இருந்தது இரண்டே பேஸ் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பதினெட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று, கீழே காற்றுப் போக நீளவாட்டில் ஒரு வாய். முந்தின வாரம் ஒரு கல்யாணத்தில் இடது பெட்டி 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. இந்த வருடத்தில் இப்படிப் போனது இது மூன்றாவது.

டிரைவர் அண்ணன் டார்ச் லைட்டிலிருந்து பேட்டரியை எடுத்து ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் வைத்தார். நல்ல ஸ்பீக்கராக இருந்தால் கோன் என்கிற காகிதக் கூம்பு சற்றே முன்னால் துள்ளும். பேட்டரியைத் திருப்பி வைத்தால் பின்னால் இழுக்கும். இந்தச் சின்னத் துள்ளல்தான் மொத்த வித்தையும். காந்தத்தின் நடுவே நகக்கண் அளவுக்கு ஒரு வட்டச் சந்து; அதற்குள் எதையும் தொடாமல் தொங்குகிறது கம்பிச் சுருள். சுருளில் மின்சாரம் ஓடினால் காந்தம் அதை ஒரு பக்கம் தள்ளும், மின்சாரம் திசை மாறினால் மறுபக்கம் தள்ளும். ஆம்ப்ளிஃபயர் விநாடிக்கு ஐம்பது முறை திசை மாற்றினால் சுருளும் ஐம்பது முறை போய்வரும். அதோடு ஒட்டிய கோன் காற்றைத் தள்ளி இழுக்கும். அதுதான் நம் காதுக்கு வருவது.

இந்தக் கோன் அசையவில்லை. அண்ணன் விரல்களால் அமுக்கிப் பார்த்தார். உள்ளே கரகரவென்று தேய்ந்தது.

"மேக்னெட்டு வீக்காப் போச்சுடா மாப்ள" என்றார் மச்சான்.

"மேக்னெட் எல்லாம் அப்படிப் போகாது மச்சான்."

"அப்ப என்ன போச்சு, சொல்லு. நாலு வருசம் படிச்சவன்ல நீ."

எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜுக்குப் போனவன் நான். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு அக்கா வீட்டில் இருந்தேன். ரெசனன்ஸ் என்ற தலைப்பில் பரீட்சையில் மூன்று பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஸ்பீக்கர் ஒன்றின் ரெசனன்ஸ் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தது கிடையாது. மச்சான் கேட்கும்போதெல்லாம் உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து நடப்பேன். அன்றும் நடந்தேன்.

அப்போது அக்காவிடமிருந்து போன் வந்தது. "பேசியாச்சு. ஆனா கோயில் கமிட்டிக்காரரு திங்கக்கிழம வந்து கேட்டுப் பாத்துட்டுத்தேன் அட்வான்ஸ் குடுப்பாராம். ஒத்தக்கடை சவுண்ட் செட்டுக்காரன் வேற அவருக்குப் போன் அடிச்சிருக்கான். எல்லாம் ரெடியாத்தான இருக்கு?"

"ரெடி, ரெடி" என்றார் மச்சான், செத்த ஸ்பீக்கர் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு.

அந்த ஊர்ப் பொங்கல் எங்களுக்கு வெறும் ஒரு வேலை அல்ல. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் அங்கே வந்து கேட்டுவிட்டுத்தான் தங்கள் ஊருக்கு யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்வார்கள். அதை நம்பித்தான் அக்கா ஜவுளிக்கடை பில்லிங் வேலையை விட்டுவிட்டு புக்கிங் எல்லாவற்றையும் தன் கையில் எடுத்தாள். அந்த ஊர் ஒத்தக்கடைக்காரனிடம் போனால் கூடவே பத்து ஊரும் போகும். மச்சான் மறுபடி யாருக்காவது டிரைவராகப் போக வேண்டியதுதான்.

*

மதுரையில் மாசி வீதிகளுக்கு உள்ளே ஒரு சந்தில் இருக்கிறது ஸ்பீக்கர் கோன் மாற்றுகிற கடை. கணவனும் மனைவியும் சேர்ந்து செய்கிறார்கள். அவர் பழைய கோனைக் கத்தியால் அறுத்தெடுப்பார், அந்த அம்மா புதுச் சுருளைச் சந்துக்குள் நேராக நிறுத்தி ஒட்டுவார். தங்களுக்குள் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொள்வார்கள். எங்கள் சுருளை வெளியே எடுத்ததும் அந்த அம்மா ஏதோ சொல்ல, அவர் சிரித்தார்.

"நம்மளத்தேன் சொல்றாக" என்று மச்சான் என் காதில் கிசுகிசுத்தார்.

"ஒங்கள இல்லண்ணே, சாப்பாட்டுக்கு நேரமாச்சுங்குறா" என்றார் கடைக்காரர்.

நான் சுருளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். எரிந்த கறுப்பு கொஞ்சம்தான். ஆனால் பின்விளிம்பு சப்பளிந்து, ஒரு பக்கம் மடங்கியிருந்தது. காந்தத்தின் அடித்தட்டில் போய் இடித்திருக்கிறது. அதாவது கோன் போகக் கூடாத தூரம் பின்னால் போயிருக்கிறது.

"இடிச்சிருக்கு மச்சான். இது எரிஞ்சு போகல."

"அப்படியா? அப்ப இடிக்காம இறுக்கிப் பிடிக்கணும்" என்றவர் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, டைட் ஸ்பைடர் போட்டுருங்க."

சுருளை நடுவில் பிடித்து வைத்திருக்கும் மஞ்சள் துணிதான் ஸ்பைடர். அலையலையாக மடிப்பு இருக்கும். அதுவும் கோனின் விளிம்பு மடிப்பும் சேர்ந்துதான் கோனைத் தன் இடத்துக்குத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங். கடையில் இரண்டு விதம் இருந்தது. விரலால் அமுக்கினால் அமுங்குவது ஒன்று, அப்பளம் மாதிரி விறைப்பாக நிற்பது ஒன்று.

"டைட் வேணாம் மச்சான். பேஸ் போயிரும்."

"ஏன் போகுது? கோன் மாறலை, மேக்னெட் மாறலை."

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கூட வந்திருந்த டிரைவர் அண்ணனைப் பார்த்துப் பேசினேன். "அண்ணே, லோடு ஆட்டோ காலியாப் போனா பள்ளத்துல எப்படிக் குதிக்கும்?"

"தடதடதடன்னு குதிக்கும்."

"அதே வண்டியில ஒரு டன்னு ஏத்துனா?"

"மெதுவா ஆடி ஆடிப் போகும். அடியில ஸ்பிரிங் பட்டை வேற தளர்ந்திருந்துச்சுன்னா தொட்டிலுதான்."

"அதேதான். எடை கூடினா ஆட்டம் மெதுவாகும், பட்டை விறைப்பானா ஆட்டம் வேகமாகும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அப்படித் தானா ஆடுற வேகம் ஒண்ணு இருக்கு. அதுதான் ரெசனன்ஸ். மேல இருந்து அந்த வேகம் வரைக்கும் ஸ்பீக்கர் பேஸ் குடுக்கும். அதுக்குக் கீழ போனா ஸ்பிரிங் இழுத்துப் பிடிச்சுக்கும், சத்தம் சரசரன்னு இறங்கிரும்."

"வண்டிக்குத்தான பட்டை" என்றார் மச்சான். "பாட்டுக்கும் பட்டையா?" எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். டைட் ஸ்பைடரே ஒட்டப்பட்டது. வலது பெட்டியின் நல்ல ஸ்பீக்கருக்கும் அதையே போட்டுவிடலாம் என்றவரை, அதை மட்டும் தொடாதீர்கள் என்று கெஞ்சி நிறுத்தினேன்.

*

திங்கட்கிழமை காலை கமிட்டிக்காரர் அக்காவோடு ஷெட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஹெல்மெட். கரும்பு போட்டிருக்கும் விவசாயி. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே போய் நின்றுகொண்டார். மச்சான் ஒரு குத்துப்பாட்டைப் போட்டார்.

வலது பெட்டி உறுமியது. தகரக் கூரையில் தூசி கொட்டியது. இடது பெட்டி, நாங்கள் புதிதாகக் கோன் மாற்றியது, 'டொக்கு டொக்கு' என்று மரக்கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

அவர் முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். "என்னத்தா இது? ஒரு காதுல கல்யாணம், ஒரு காதுல கருமாதி?"

அக்கா மச்சானைப் பார்த்தாள். மச்சான் ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரின் இடது ஓரத்தில், அடிச்சத்தத்துக்கான இரண்டு ஸ்லைடர்களையும் உச்சிக்கு ஏற்றினார். இடது பெட்டி இன்னும் பலமாகத் தட்டியது, அவ்வளவுதான்.

"எங்க வீட்டு கிரைண்டரே இதைவிட நல்லா அதிரும்" என்றார் கமிட்டிக்காரர். "நெஞ்சுல இடிக்கணும்பா. அதுக்குத்தான் எளவட்டங்க வசூல் குடுக்குறாங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ரெண்டு பெட்டியும் எங்க ஊர்ப் பொட்டல்ல நிக்கணும். நின்னு, ரெண்டும் ஒண்ணு போல இடிக்கணும். இல்லன்னா ஒத்தக்கடைக்குப் போனப் போட்டுருவேன். கோவிச்சுக்காதத்தா."

அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள். "ஏங்க, ரெடி ரெடின்னீகளே, எது ரெடி?"

"இவன்தான் ஏதோ பட்டை, டன்னுன்னு சொன்னான்."

"சொன்னவன் பேச்ச யாரு கேட்டா? தம்பி, நீ சொல்றது நெசமா? இல்ல சும்மா புத்தகத்துல இருக்குறதா?"

அந்தக் கேள்விதான் எனக்குள்ளும் இருந்தது. அளந்து பார்க்கிறேன் என்றேன்.

இரண்டு ஸ்பீக்கர்களையும் பெட்டியிலிருந்து கழற்றி மேசைமேல் மல்லாக்க வைத்தேன். ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மின்சாரத்தை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர். ஸ்பீக்கரின் முனைகளில் மல்டிமீட்டர். போனில் ஒற்றை ஸ்வரம் எழுப்பும் ஆப் ஒன்று. விநாடிக்கு இருபது ஆட்டத்தில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே கொண்டுபோனேன். ஸ்பீக்கர் தன் சொந்த வேகத்துக்கு வரும்போது ரொம்ப லேசாகவே நன்றாக ஆடும். அப்படி ஆடுகிற சுருள் காந்தத்துக்குள் தானே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கி, வருகிற மின்சாரத்தை எதிர்த்துத் தள்ளும். அதனால் அந்த இடத்தில் மீட்டர் எகிற வேண்டும். புத்தகம் சொன்னது அதுதான்.

நல்ல ஸ்பீக்கரில் முப்பதைத் தாண்டியதும் எண் ஏறத் தொடங்கியது. முப்பத்தைந்தில் உச்சிக்குப் போனது, அதைத் தாண்டியதும் இறங்கியது. நம்பாமல் போனை இருபதுக்கே திருப்பினேன். மறுபடி செய்தேன். அதே முப்பத்தைந்து. டைட் ஸ்பைடர் போட்டதில் முப்பத்தைந்தைக் கடந்தேன், நாற்பதைக் கடந்தேன், மீட்டர் அசையாமல் கிடந்தது. ஐம்பத்திரண்டில்தான் உச்சி.

"அப்ப அம்புட்டு தூரம் மேல ஏறிப்போச்சா?" என்றாள் அக்கா. அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "அதான் அடிபாகம் காணோம்."

மச்சான் மீட்டரைப் பார்த்தபடி நின்றார். "சரிப்பா. பழையபடி லூசு ஸ்பைடரே போடுவோம். ஆனா மறுபடி இடிச்சுச் சாகுமே? அதுக்கு என்ன பதில் வச்சிருக்க?"

என் பதில் ஈக்வலைசரில் இருந்தது. 'லோ கட்' என்று எழுதிய ஒரு சின்னப் பொத்தான். அது எங்கள் ஷெட்டில் ஒரு விலக்கப்பட்ட பொருள். பேஸை 'கட்' பண்ணுகிற பொத்தானை எவனாவது தெரியாமல் அமுக்கிவிடக் கூடாது என்று வாங்கிய அன்றே மச்சான் அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டியிருந்தார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அந்த டேப்பின் மேல் சந்தனமும் குங்குமமும் ஏறும். இப்போது அது ஒரு சின்னச் சாமி போலவே இருந்தது.

"அதை அமுக்கணும் மச்சான்."

"பேஸைக் குறைச்சா பேஸ் வருமா? மாப்ள, ஒனக்குச் சர்டிபிகேட் குடுத்தவன் யாரு?"

டிரைவர் அண்ணன் சிரிப்பை அடக்க வெளியே போனார்.

காட்டுகிறேன் என்று நல்ல ஸ்பீக்கரைப் பெட்டியில் திரும்ப மாட்டினேன். போனில் நாற்பத்திரண்டு வைத்தேன். எங்கள் பெட்டி அந்த இடத்தில் பாடும் அளவுக்கு அதன் வாய் வெட்டப்பட்டிருக்கிறது. ஷெட் முழுக்க ஒரு கனத்த 'ம்ம்ம்' நிறைந்தது.

"கோன்ல கைய வைங்க."

வைத்தார். "ஆடவே இல்லயே! சத்தம் எங்கிருந்து வருது?"

அவர் கையைப் பிடித்து இறக்கி, கீழே இருந்த வாயின் முன் வைத்தேன். காற்று சட்டையின் கையைப் படபடக்க வைத்தது. "இந்த வேகத்துல பெட்டிக்குள்ள இருக்குற காத்தும் இந்த வாயில இருக்குற காத்தும் சேந்து ஆடும். கோன் லேசாத் தட்டிக் குடுத்தாப் போதும். உள்ள இருக்குற காத்தே கோனைப் பிடிச்சும் வச்சுக்கும். இப்பப் பாருங்க." இருபத்தைந்துக்கு இறக்கினேன்.

'ம்ம்ம்' மறைந்தது. ஷெட்டில் ஏறக்குறைய ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கோன் பைத்தியம் பிடித்ததுபோல முன்னும் பின்னும் வீசியடித்தது. மடிப்பு முழுக்க விரிந்து சுருங்கியது.

"இதுக்குக் கீழ வாயில காத்து சும்மா உள்ள வெளிய போகும். கோனைப் பிடிக்கக் காத்து இல்ல, லூசு ஸ்பைடர் மட்டும் போதாது. நீங்க அந்த ரெண்டு ஸ்லைடரை ஏத்துறப்பல்லாம் நடக்குறது இதுதான். காதுக்கு ஒண்ணும் கேக்காது. கேக்கலன்னு இன்னும் ஏத்துவீங்க. நாப்பதுக்குக் கீழ இருக்குற இதை மட்டும்தான் அந்தப் பொத்தான் வெட்டும்."

மச்சான் குனிந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். அந்த ஆட்டத்தில் ஒரு கவர்ச்சி இருந்தது. எனக்கும் கண்ணை எடுக்க முடியவில்லை. "நெசமாவே சத்தம் இல்லயேடா" என்றார். "கொஞ்சமாச்சும் கேக்கும்ல?" கேட்டுக்கொண்டே, நான் திரும்புவதற்குள் ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகினார்.

'டக்.'

போன் மட்டும் இருபத்தைந்தைப் பாடிக்கொண்டிருந்தது. கோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. உள்ளே வந்த டிரைவர் அண்ணன் பேட்டரியைக்கூட எடுக்கவில்லை. விரலால் அமுக்கினார். கரகரவென்றது.

"நிரூபிச்சுட்டீகளா ரெண்டு பேரும்?" என்றாள் அக்கா.

*

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம். இருந்த ஒன்று செத்துவிட்டது, இன்னொன்று உயிரோடு இருந்தும் உதவாது. இரண்டையும் லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு மதுரைக்குப் போனோம். ரிங் ரோட்டில் நெரிசல். வண்டி நின்ற ஒவ்வொரு இடத்திலும் நான் இறங்கி நின்றேன். ஏறு தம்பி, ஏறு தம்பி என்று அண்ணன் கத்திக்கொண்டே வந்தார்.

கடைக்காரர் மணியைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார். "பசை காயணும்ணே. நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

"நாளைக்கு மத்தியானம் பொட்டல்ல நிக்கணும்ணே."

அவரும் மனைவியும் ஏதோ பேசிக்கொண்டார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "காலைல பத்து மணி" என்றார் அந்த அம்மா. "ஆனா எடுத்ததும் முழுசா ஏத்தக் கூடாது. ரெண்டுக்கும் டைட்டா, லூசா?"

மச்சான் என்னைப் பார்த்தார். "லூசு" என்றார்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் இரண்டையும் வாங்கி, வண்டியிலேயே பெட்டியில் மாட்டி, கல்லுப்பட்டி வழியாக அந்த ஊர்ப் பொட்டலில் இறக்கினோம். கமிட்டிக்காரர் வேப்பமரத்தடியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா அவரோடு பேச்சுக் கொடுத்து நேரம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

வயர்களை மாட்டி முடித்ததும் மச்சான் ஈக்வலைசரின் முன் போய் நின்றார். பிறகு டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். பழைய பசையோடு சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் பொத்தானை அமுக்கினார். பொத்தானின் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்படி ஒரு விளக்கு அங்கே இருப்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது.

பாட்டு ஏறியது. நெஞ்சில் இடிக்கும் அடி அறுபது, எழுபதில் இருக்கிறது. அதை அந்தப் பொத்தான் தொடுவதே இல்லை. நாற்பதுக்குக் கீழே வீணாகப் போய்க்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரின் பலம் மிச்சமாகி இங்கே வந்தது. ஆனாலும் நான் பாட்டைக் கேட்கவில்லை. பெட்டியின் முன் குந்தியிருந்து, வலைக்குப் பின்னால் கோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடி விழும்போது மட்டும் அளவாக முன்னே வந்தது. தளர்ந்த வீச்சு எதுவும் இல்லை. அப்படியும் எழுந்து போக மனம் வரவில்லை.

கமிட்டிக்காரர் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே வந்து நின்றார். உள்ளங்கையை மார்பில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் கல்யாணந்தேன்" என்றார், போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டே. "நேத்து என்னப்பா கோளாறு?"

"பொத்தான் ஒண்ணு அமுக்காம விட்டுப்போச்சு" என்றாள் அக்கா.

பொங்கல் முடிகிறவரை இரண்டும் பாடின. கூட்டம் கூடினபோதெல்லாம் மச்சானின் கை தானாகவே அந்த இரண்டு ஸ்லைடர்களையும் உச்சிக்கு ஏற்றியது. லோ கட் அமுங்கியிருந்ததால் ஏற்றியதில் பெரும்பகுதி எங்கேயும் போய்ச் சேரவில்லை. அதை நான் சொல்லவில்லை. அவர் அதில் சந்தோஷமாக இருந்தார். கடைசி நாள் பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அக்காவின் நம்பரை வாங்கிப் போனார்கள்.

சாமான்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், வண்டியின் முன்சீட்டில் அக்கா செலவைக் கூட்டிச் சொன்னாள். டைட் ஸ்பைடருக்கு ஒரு தடவை, அதை அறுத்தெறிந்து லூசு ஸ்பைடருக்கு ஒரு தடவை, நிரூபித்துக் கொன்றதற்கு ஒரு தடவை, மதுரைக்குப் போய்வந்த டீசல்: ஆக மொத்தம் பதினோராயிரம் ரூபாய்.